வளர்கவா, வளர்க்கவா: வாழ்த்தும் ஏவலும் அனுமதியும் வினையடியில் இருந்து பிறக்கும் விதம்

திருகோணமலைக் கோயில்களில் பூசை முடிந்து திருநீறு கொடுக்கும் முன் எல்லோரும் சேர்ந்து சொல்லும் வாழ்த்து ஒன்று உண்டு. கந்தபுராணத்தில் வருவது. "வான்முகில் வழாது பெய்க, மலிவளம் சுரக்க, மன்னன் கோன்முறை அரசு செய்க, குறைவிலாது உயிர்கள் வாழ்க" என்று போகும். சின்ன வயதில் இருந்து சொல்லிப் பழகியதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. என்னிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்திதான் ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், பெய்க, செய்க, வாழ்க எல்லாம் சரி. சுரக்க மட்டும் ஏன் அப்படி? சுரக என்றெல்லோ வர வேணும்?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிந்தவருக்கு அறிவிப்புப் பலகையில் "படிக்குக" என்று எழுத வராது. "நீங்கள் உள்ளே வரட்டும்" என்றும் எழுத வராது. இந்த வழிகாட்டி அந்த விடையை அடிப்படையாக வைத்து, ஒரு வினையைக் கையில் எடுத்தால் அதிலிருந்து ஏவல், 'வாழ்க' போன்ற வியங்கோள், அனுமதி ஆகியவற்றைப் பிழையில்லாமல் எப்படிக் கட்டுவது என்று சொல்கிறது.

முதற்படி: வினையின் இரண்டு முகங்களை எழுதிக்கொள்ளுங்கள்

எந்த வினையானாலும் முதலில் இரண்டு வடிவங்களை அருகருகே எழுத வேண்டும். ஒன்று, ஒருவரைப் பார்த்து நேராகச் சொல்லும் ஏவல்: செய், நட, எழுது, கேள், வா. மற்றது, 'அது' என்ற எழுவாய்க்கு வரும் 'உம்' வடிவம்: செய்யும், நடக்கும், எழுதும், கேட்கும், வரும்.

முதல் வடிவம் வினையின் அடி. தமிழில் ஏவல் ஒருமைக்கு விகுதி தேவையில்லை. அடியே ஏவலாக நின்றுவிடும். இரண்டாவது வடிவம், அந்த அடி விகுதி சேரும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காட்டும். 'நட' என்பதைப் பார்த்தால் அதற்குள் 'க்க்' இருப்பது தெரியாது. 'நடக்கும்' என்று சொன்னவுடன் வெளியே வந்துவிடும். 'கேள்' என்பதன் 'ள்', 'கேட்கும்' என்பதில் 'ட்க்' ஆகிறது. 'நில்' என்பது 'நிற்கும்' ஆகிறது. இப்படி அடியில் இல்லாத க்க், ட்க், ற்க் 'உம்' வடிவத்தில் தோன்றும் வினைகளை நான் வகுப்பில் வல்வினை என்று சொல்வேன். மற்றவை மெல்வினை. பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பதற்காக வைத்த பெயர் அது, அவ்வளவுதான்.

'வா', 'தா' இரண்டும் தனி. ஏவலில் நெடிலாக நின்றாலும் மற்ற இடங்களில் 'வரு', 'தரு' என்றே நடக்கும். வரும், தரும் என்று எழுதிப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பலருக்கும் பெரியவருக்கும் சொல்லும் ஏவல்

இதில் பிழை குறைவு. வாயில் ஏற்கனவே இருப்பதுதான். அடியோடு 'உங்கள்' சேரும்: செய்யுங்கள், எழுதுங்கள், கேளுங்கள், நில்லுங்கள், பாருங்கள், வாருங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றே. வல்வினையாக இருந்தாலும் இங்கே க்க், ட்க் வராது. 'கேளுங்கள்' என்கிறோம், 'கேட்குங்கள்' என்று சொல்வதில்லை. ஏவல் முழுவதும் அடியின் மேலேயே நிற்கிறது என்பதற்கு இது சாட்சி.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'கேளுங்கோ, நில்லுங்கோ, வாங்கோ, இருங்கோ' என்போம். இடைப்பட்ட மரியாதைக்கு 'நீர்' என்ற சொல் இன்னும் உயிரோடு இருப்பதால் 'இரும், வாரும், கேளும்' என்பதும் உண்டு. இந்தக் 'கேளும்' என்பதையும் 'அது கேட்கும்' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்வைக்கு உம் இரண்டிலும் ஒன்றே. ஏவலில் அடி நேராக நிற்கிறது, மற்றதில் 'ட்க்' புகுந்துவிட்டது.

எதிர்மறை ஏவலுக்கு அடி போதாது, 'உம்' வடிவம் வேண்டும். அதில் உம்மை எடுத்துவிட்டு 'ஆதே', 'ஆதீர்கள்' சேர்க்க வேண்டும். நடக்கும், நடக்காதே. கேட்கும், கேட்காதே. வரும், வராதே. அழியும், அழியாதே. இரு வடிவங்களையும் முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்றாம் படி: உம்மை எடுத்து 'அ' வையுங்கள்

'உம்' வடிவத்தில் உம்மை நீக்கி 'அ' சேர்த்தால் செயவென் எச்சம் கிடைக்கும். செய்யும், செய்ய. நடக்கும், நடக்க. எழுதும், எழுத. கேட்கும், கேட்க. வரும், வர. போகும், போக. இந்த வழி அநேகமாக எல்லா வினைக்கும் பொருந்தும். 'என்னும்' என்பதற்கு 'என' வருவது போன்ற ஓரிரண்டுதான் விலகும்.

அனுமதியும் ஆசையும் இன்றைய தமிழில் பெரும்பாலும் இந்த எச்சத்தின் மேல்தான் ஏறி நிற்கின்றன. வரட்டும், வரலாம், வர விடு, வர வேண்டாம், வரக் கூடாது, வரவும் என்று எல்லாவற்றிலும் 'வர' தெரிகிறது. இவற்றுள் இரண்டை மட்டும் நின்று பார்ப்போம். பிழை அங்கேதான் அதிகம்.

'வரட்டும்' என்பதற்குள் இன்னொரு வினை ஒளிந்திருக்கிறது. 'ஒட்டு' என்றால் இசைதல், உடன்படுதல். 'வர ஒட்டும்' என்பது தேய்ந்து 'வரட்டும்' ஆனது. நம்மாழ்வார் "போகலொட்டேன்" என்று பாடும்போது, போக விடமாட்டேன் என்றுதான் சொல்கிறார். அந்த 'ஒட்டு' தனிச் சொல்லாக மறைந்து, இப்போது விகுதிக்குள் மட்டும் வாழ்கிறது. ஆகவே 'அவன் வரட்டும்' என்பதன் அடியில் 'அவன் வருவதற்கு இடம் கொடுக்கிறேன்' என்ற பொருள் கிடக்கிறது. வருபவன் வேறு, இடம் கொடுப்பவர் வேறு. எதிரே நிற்பவரிடம் மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்லும் வடிவம் இது.

இதனால்தான் 'நீ வரட்டும்', 'நீங்கள் வரட்டும்' என்பவை காதில் இடறுகின்றன. முன்னால் நிற்பவருக்கே இடம் கொடுக்க 'வரலாம்' இருக்கிறது, அல்லது 'வா' என்று நேரே சொல்லிவிடலாம். 'நான்' என்பதோடு கேள்வியாக மட்டும் இது வரும்: 'நான் வரட்டுமா?' அங்கே இடம் கொடுக்க வேண்டியவர் எதிரே இருப்பவர். அதனால் அவரிடம் கேட்கிறோம். எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'அப்ப நான் வரட்டே?' என்று கேட்காமல் படி இறங்கமாட்டோம். 'ஓம், போட்டு வாங்கோ' என்று பதில் வந்த பிறகுதான் செருப்பைத் தேடுவோம்.

ஒரே வடிவத்தில் அனுமதியும் வாழ்த்தும் சாபமும் காத்திருத்தலும் இருக்கும். 'அவள் நல்லாய் இருக்கட்டும்' வாழ்த்து. 'அவன் இங்க வரட்டும், பார்த்துக்கொள்ளுறன்' மிரட்டல். 'சொதி ஒரு கொதி வரட்டும், பிறகு இறக்கித் தேசிப்புளி விடு' என்று அம்மா சொல்லும்போது சொதிக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை; அதுவரை பொறு என்பதுதான் பொருள். வடிவத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. எழுவாய் யார், பின்னால் என்ன வாக்கியம் வருகிறது என்பதை வைத்தே பிரிக்க வேண்டும்.

'வரலாம்' என்பது வேறு விதமாகப் பிறந்தது. 'வரல்' என்ற தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்தது. வருதல் ஆகும், வருவதற்கு வழி இருக்கிறது என்று பொருள். ஆகவே இது எல்லா இடத்துக்கும் வரும்: நான் போகலாம், நீங்கள் போகலாம், அவர் போகலாம். ஆனால் 'மழை பெய்யலாம்' என்றால் பெய்யக்கூடும் என்றும், 'நீங்கள் போகலாம்' என்றால் அனுமதி என்றும், 'வாருங்கள் போகலாம்' என்றால் சேர்ந்து போவோம் என்றும் மூன்று பொருள் வரும். எது என்று ஐயம் வந்தால் எதிர்மறையாக்கிப் பாருங்கள். அனுமதியாக இருந்தால் 'போகக் கூடாது' என்று மறுபக்கம் திரும்பும். கூடுமானது என்ற பொருளாக இருந்தால் 'பெய்யாமல் இருக்கலாம்' என்று திரும்பும். 'மழை பெய்யக் கூடாது' என்றால் பொருள் ஓடிப்போய், நீங்கள் மழைக்கு எதிராக வேண்டுவதாகிவிடும்.

'விடு' சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 'பிள்ளையைப் போக விடு' என்பது அனுமதி. 'நீ போய்விடு' என்பது நீயே போ, தாமதிக்காதே என்பது. செயவென் எச்சத்தோடு சேர்ந்த 'விடு' தடையை நீக்கச் சொல்கிறது. 'போய்' போன்ற இறந்தகால எச்சத்தோடு சேர்ந்த 'விடு' செயலை முடிக்கச் சொல்கிறது. முன்னதில் போகிறவருக்கு 'ஐ' உருபு வருவதையும் பாருங்கள்.

நான்காம் படி: வியங்கோளுக்குக் 'க' எங்கே ஏறும்?

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. வியங்கோளின் 'க', செயவென் எச்சத்தில் ஏறுவதில்லை, அடியில் ஏறுகிறது. பெய் என்ற அடியோடு க சேர்ந்து பெய்க. செய், செய்க. வாழ், வாழ்க. எழுது, எழுதுக. வா என்பது வரு ஆகி, வருக. இவற்றின் எச்சங்களான பெய்ய, செய்ய, வாழ, எழுத, வர என்பவற்றோடு இவை கலக்க வழியில்லை.

வல்வினையில் கதை வேறு. சுர என்ற அடி, விகுதியை ஏற்கும் இடத்தில் வலிக்கும். சுர, சுரக்கும், சுரக்க. கல், கற்கும், கற்க. நில், நிற்கும், நிற்க. கா, காக்கும், காக்க. இங்கே வியங்கோளும் செயவென் எச்சமும் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. "கற்க கசடற" என்ற குறளில் வரும் 'கற்க', 'நிற்க' இரண்டும் வியங்கோள். அதே குறளின் கடைசிச் சொல்லான 'தக' எச்சம். பழைய கடிதங்களில் நலம் விசாரித்த பிறகு 'நிற்க' என்று ஒரு சொல் தனியாக நிற்கும். சொன்னது அப்படியே நிற்கட்டும், இனி வேறு விஷயம் என்பதற்கு எழுதப்பட்ட வியங்கோள் அது.

ஆக, 'சுரக்க' என்பது பிழையில்லை, விதிவிலக்கும் இல்லை. அது வல்வினை, அதனால் அப்படித்தான் வரும்.

பிறகு ஏன் 'படிக்குக', 'சேர்க்குக', 'அளிக்குக' என்று எழுதுகிறோம்? காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான். வினாத்தாள்களில் 'விளக்குக', 'நீக்குக', 'சுருக்குக' என்று பார்த்துப் பழகிய கண், 'க்குக' என்பதே விகுதி என்று எடுத்துக்கொள்கிறது. விளக்கு, நீக்கு, சுருக்கு என்பவற்றில் 'க்கு' அடியிலேயே இருக்கிறது. ஏவலைச் சொல்லிப் பாருங்கள்: 'விளக்கு' என்கிறோம். அடி விளக்கு, அதோடு க, விளக்குக. ஆனால் 'படி' என்று ஏவுகிறோம். 'படிக்கு' என்று ஏவுவதில்லை. அங்கே க்க் பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே 'படிக்க'.

சோதனை இவ்வளவுதான்: ஏவலில் 'க்கு' இருக்கிறதா? இருந்தால் 'குக' என்று முடியுங்கள். ஏவலில் இல்லாமல் 'உம்' வடிவத்தில் மட்டும் க்க் வந்தால் 'க்க' என்று முடியுங்கள். கைத்தொலைபேசித் திரையில் 'நீக்குக' என்று ஒரு பொத்தானும் 'சேமிக்க' என்று இன்னொன்றும் இருப்பதைப் பார்த்து, ஒன்று பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் சரி.

இந்த வியங்கோளை யாருக்குச் சொல்லலாம் என்பதில் நம் இலக்கணங்கள் ஒரே குரலில் பேசவில்லை. தன்மை, முன்னிலை இரண்டிலும் அது நிலைக்காது என்கிறது தொல்காப்பியம். இடம், பால் எல்லாவற்றுக்கும் வரும் என்கிறது நன்னூல். 'விடை எழுதுக' என்று பரீட்சை எழுதுபவரை நேராகப் பார்த்துச் சொல்லும் இன்றைய வழக்கு நன்னூலோடு நிற்கிறது. 'நீ வரட்டும்' என்பதை ஏற்காத நம் காதிலோ தொல்காப்பியம் போட்ட எல்லை வேறொரு விகுதியில் இன்னும் இருப்பதுபோல் எனக்குத் தோன்றும். பாடம் நடத்தும்போது இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

ஐந்தாம் படி: இரட்டை வினைகளில் ஒரு 'க்' எதை மாற்றும்?

தமிழில் ஒரே அடி தானாக நடப்பதற்கு மெல்வினையாகவும், ஒருவர் செய்வதற்கு வல்வினையாகவும் வரும். அழியும், அழிக்கும். சேரும், சேர்க்கும். தீரும், தீர்க்கும். வளரும், வளர்க்கும். ஏவலில் 'சேர்' என்றால் எது என்று தெரியாது. வியங்கோளிலும் 'ட்டும்' வடிவத்திலும் தெரிந்துவிடும். 'துயர் தீர்க' என்றால் துயர் தானாக ஒழிய வேண்டும் என்ற வேண்டுதல். 'துயரைத் தீர்க்க' என்றால் யாரோ ஒருவர் தீர்க்க வேண்டும். 'தீமை அழியட்டும்' என்பது விருப்பம். 'அவர்கள் தீமையை அழிக்கட்டும்' என்பது மற்றவருக்கு இட்ட வேலை.

அடையாளம் 'ஐ' உருபு. பெயரில் 'ஐ' இருந்தால், அல்லது வைக்க இடமிருந்தால், 'க்க'. பெயர் எழுவாயாக நின்றால் 'க'.

ஒரு பலகை, ஏழு வரிகள்

உவர்மலைப் பக்கம் ஒரு வாசிகசாலையைத் திருத்தித் திறக்கும் வேலையில் இருந்த தம்பி ஒருவர், சுவரில் மாட்டும் அறிவிப்பை எழுதிக்கொண்டு வந்தார். "டீச்சர், இதை ஒருக்காப் பார்த்துத் தாங்கோ, பின்னேரம் பலகைக்காரரிட்டக் குடுக்க வேணும்" என்றார். எழுதியிருந்தது இது:

பாதணிகளை வெளியே கழற்றுக.
அமைதியாக வாசிக்குக.
பக்கங்களை மடிக்க வேண்டாம்.
சிறுவர்கள் பெரியவர்களோடு வரட்டும்.
நீங்கள் ஒரு தடவையில் இரண்டு புத்தகங்கள் எடுத்துச் செல்லட்டும்.
ஏழு நாட்களுக்குள் திருப்பித் தருக.
வாசிப்புப் பழக்கம் வளர்க்க!

முதல் வரி சரி. ஏவல் 'கழற்று', க சேர்ந்து 'கழற்றுக'.

இரண்டாவதில் ஏவல் 'வாசி', உம் வடிவம் 'வாசிக்கும்'. க்க் அடியில் இல்லை, ஆகவே 'வாசிக்க'. ஆனால் பலகையில் 'அமைதியாக வாசிக்க' என்று மட்டும் நின்றால், 'அமைதியாக வாசிக்க என்ன செய்ய வேண்டும்?' என்று வாக்கியம் பாதியில் தொங்குவதுபோல் தெரியும். வல்வினை வியங்கோளுக்கு உள்ள உண்மையான குறை இதுதான். இலக்கணம் சரியாக இருந்தும் வாசிப்பவர் தடுமாறுவார். அதற்கு நல்ல வழி எச்சத்தோடு உம் சேர்ப்பது: 'அமைதியாக வாசிக்கவும்.' ஒரு வரிக்கு 'வும்' போட்டால் மற்ற வரிகளையும் அதற்கு ஏற்ப மாற்றுவது அழகு. ஆகவே 'கழற்றவும்', 'திருப்பித் தரவும்' என்று ஒரே சீராக்கினோம்.

மூன்றாவது வரியைத் தொடவில்லை. 'மடிக்காதீர்கள்' என்றும் எழுதலாம், ஆனால் அது எதிரே நின்று பேசுபவர் குரல். பலகைக்கு 'வேண்டாம்' தாழ்மையாக இருக்கும்.

நான்காவதில் பிழை இலக்கணத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது. 'பெரியவர்களோடு வரட்டும்' என்றால் வந்தால் வரட்டும் என்று விட்டுக்கொடுத்த தொனி வருகிறது. அவர் சொல்ல நினைத்தது நிபந்தனை. 'வரலாம்' என்றால் அதுவும் அனுமதியாகிவிடும். தனியாக வரலாமா என்ற கேள்வி திறந்தே இருக்கும். 'சிறுவர்கள் பெரியவர்களோடு வர வேண்டும்' என்று மாற்றினோம்.

ஐந்தாவது வரி, மேலே சொன்ன 'நீங்கள் வரட்டும்' பிழையேதான். வாசிப்பவருக்கே நேராகக் கொடுக்கும் அனுமதி. ஆகவே 'இரண்டு புத்தகங்கள் வரை எடுத்துச் செல்லலாம்.' 'வரை' என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் ஒரு புத்தகம் மட்டும் கேட்பவர் யோசிக்கக்கூடும்.

கடைசி வரியில்தான் சிக்கல். 'பழக்கம்' என்பதில் ஐ இல்லை, அது எழுவாய். தானாக வளர வேண்டியது. 'வளரும்' மெல்வினை, ஆகவே 'வளர்க'. 'வளர்க்க' வேண்டுமென்றால் 'பழக்கத்தை வளர்க்க' என்று இருக்க வேண்டும். தம்பியின் முகம் மாறியது. "டீச்சர், மற்ற ஆறும் கடதாசியில்தான் இருக்கு. இதை மட்டும் வாசலுக்கு மேல எழுதிப் போட்டம். பெயின்ரும் காஞ்சிட்டுது."

போய்ப் பார்த்தேன். நீலத்தில் பெரிய எழுத்து, வடிவான எழுத்தும்கூட. இரண்டு வழி இருந்தது. 'பழக்கம்' என்பதைப் 'பழக்கத்தை' ஆக்கினால் எழுத்துக் கூடும், இடம் போதாது. ஒரு 'க்' எழுத்தை அழித்தால் நடுவில் வெற்றிடம் விழும். கடைசியில் அந்தக் 'க்' எழுத்தையும் அதற்குப் பின்னிருந்த 'க'வையும் சேர்த்துச் சுரண்டி, 'ர்' எழுத்தை ஒட்டிப் புதிதாக ஒரு 'க' போட்டு, ஆச்சரியக்குறியையும் இடப்பக்கம் தள்ளி எழுதினார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பழைய எழுத்து இருந்த இடத்தில் சுவரின் சுண்ணாம்பு கொஞ்சம் வெளிறித் தெரியும். 'வாசிப்புப் பழக்கம் வளர்க!' என்று தெருவில் இருந்தே வாசிக்கலாம்.